திருமணத்துக்குப் பின் நாமினி மாற்றம்: வங்கிக்கு எழுதும் கடிதம்

கல்யாணம் முடிந்ததும் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க ஓடுகிறார்கள். கேஸ் இணைப்பு, ஆதார் முகவரி என்று வரிசையாக வேலைகள் நடக்கின்றன. வங்கிக் கணக்கில் பத்து வருடத்துக்கு முன் எழுதிக் கொடுத்த நாமினி மட்டும் அப்படியே இருக்கிறார். பெரும்பாலும் அது அப்பா. சில வீடுகளில் அண்ணன். மனைவி வந்துவிட்டாலே பழைய நாமினி தானாக விலகிவிடுவார் என்று நம்புகிறவர்கள் ஏராளம்.

அந்த நம்பிக்கை எங்கிருந்தோ வந்ததல்ல. பி.எஃப். விதி அப்படித்தான் சொல்கிறது. குடும்பம் அமையும் முன் கொடுத்த பி.எஃப். நாமினேஷன், திருமணம் ஆனதும் செல்லாது. புதிதாகக் கொடுக்க வேண்டும். பணிக்கொடையிலும் குடும்பம் அமைந்த 90 நாட்களுக்குள் புதிய நாமினேஷன் தர வேண்டும். வங்கிக் கணக்குக்கு இப்படி ஒரு விதியே கிடையாது. திருமணமோ, குழந்தையோ, மணமுறிவோ எது நடந்தாலும், கணக்கு வைத்திருப்பவர் உயிரோடு இருக்கும்போது எழுதி மாற்றாதவரை பழைய நாமினிதான் நாமினி.

கணக்கு வைத்திருப்பவருக்கு ஏதாவது நேர்ந்தால், வங்கி அந்தப் பழைய நாமினியிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கணக்கை முடித்துவிடும். அதோடு வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, அதன் உரிமையாளர் அல்ல என்று ராம் சந்தர் தல்வார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாரிசுகளின் பங்கு வாரிசுரிமைச் சட்டப்படியே போகும். ஆனால் அந்தப் பங்கை மைத்துனரிடமிருந்து வாங்க, கைக்குழந்தையோடு ஒரு பெண் சிவில் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும். நாமினி மாற்றம் அந்த அலைச்சலைத் தவிர்ப்பதற்குத்தான். சொத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டுமென்றால் அதற்கு உயில் எழுத வேண்டும். அது வேறு அத்தியாயம்.

கடிதம் எதைச் செய்யும், எதைச் செய்யாது

வெறும் கடிதத்தால் நாமினி மாறாது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டப்படி, நாமினேஷனை அதற்கென வகுத்த படிவத்தில்தான் கொடுக்க வேண்டும். 1985ஆம் ஆண்டு விதிகளில் வைப்புக் கணக்குகளுக்கு மூன்று படிவங்கள் இருந்தன: நியமிக்க டி.ஏ.1, ரத்து செய்ய டி.ஏ.2, மாற்ற டி.ஏ.3. கிளை ஊழியர்கள் இன்றும் அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடும்.

நவம்பர் 1, 2025 முதல் சட்டம் மாறியிருக்கிறது. முன்பு ஒரு வைப்புக் கணக்குக்கு ஒரே நாமினி. இப்போது நான்கு பேர் வரை போடலாம். அதனால் மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய ஜெராக்ஸ் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வருவதில் அர்த்தமில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட நாமினிக்கு இடம் இருக்கும் புதிய படிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

அப்படியானால் கடிதம் எதற்கு? ஒரு கிளையில் ஒருவருக்கு நாலு கணக்கு இருந்தால் நாலு படிவம் போகும். அவற்றில் ஒன்று மேசை மாறும்போது காணாமல் போனால், அது கொடுக்கப்பட்டது என்பதற்கு எந்தத் தடயமும் இருக்காது. எந்தெந்தக் கணக்குக்கு எந்தப் படிவம், எந்தத் தேதியில் கொடுத்தது என்று ஒரே தாளில் பட்டியலிட்டு, அதன் நகலில் வங்கி முத்திரை வாங்கி வைத்துக்கொள்வதுதான் இந்தக் கடிதத்தின் வேலை. படிவங்கள் இல்லாத கடிதத்தைக் கிளை திருப்பிக் கொடுத்தால், அதைக் குறை சொல்ல முடியாது.

முதலில் ஒரு கணக்கெடுப்பு

பேனாவை எடுக்கும் முன் பாஸ்புக், நிலைவைப்பு ரசீது, லாக்கர் ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எடுத்துவைத்துக்கொண்டு இந்த நான்கையும் பார்க்கவும்.

1. ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியாக எழுதவும். சேமிப்புக் கணக்கில் நாமினி மாறினால் நிலைவைப்பிலும் மாறிவிடும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு ரசீதையும் தனிக் கணக்காகவே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.
2. தற்போது பதிவில் இருக்கும் நாமினி யார் என்று பார்க்கவும். பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் இல்லாவிட்டால் கிளையில் கேட்கலாம். கணக்கு தொடங்கியபோது நாமினியே போடவில்லை என்பது இந்த இடத்தில்தான் பலருக்குத் தெரியவரும். அப்போது தேவை புதிய நியமனம், மாற்றம் அல்ல.
3. கூட்டுக் கணக்கு எது என்று குறித்துக்கொள்ளவும். ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்ற முறையில் ஒருவர் கையெழுத்திலேயே பணம் எடுக்க முடியும். நாமினியை மாற்றுவதற்கு அது போதாது. கணக்கில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும்.
4. இந்தக் கடிதத்தில் அடங்காதவற்றைத் தள்ளிவைக்கவும். அதே வங்கியில் இருக்கும் பி.பி.எஃப். கணக்கு அரசின் சிறுசேமிப்பு விதிகளின் கீழ் வருகிறது. அதற்குத் தனிப் படிவம். அஞ்சலகக் கணக்கு, காப்பீடு, மியூச்சுவல் ஃபண்டு எல்லாமே தனித்தனி.

ஒரே நேரத்திலா, ஒருவர் பின் ஒருவரா?

நான்கு நாமினி என்றதும் நான்கு பெயரை எழுதிவிட்டால் போதாது. எந்த முறையில் என்று சொல்ல வேண்டும். முறை இரண்டு.

முதலாவது, ஒரே நேரத்தில் பங்கு பிரித்துக் கொடுப்பது. மனைவிக்கு 70 சதவீதம், அம்மாவுக்கு 30 சதவீதம் என்பதுபோல எழுத வேண்டும்; கூட்டினால் 100 வர வேண்டும். மூன்று பேருக்குச் சமமாக என்று நினைப்பவர்கள் 33 என்று மூன்று முறை எழுதி, ஒரு சதவீதத்தை அந்தரத்தில் விட்டுவிடுகிறார்கள். 34, 33, 33 என்று எழுதினால் பிரச்சினை இல்லை. பங்கு பெற வேண்டியவர் பணத்தைப் பெறும் முன் இறந்துவிட்டால், அவருடைய பங்குக்கு மட்டும் நாமினி இல்லாத நிலை ஏற்படும். மற்றவர்களின் பங்கு பாதிக்கப்படாது. அவருடைய பங்கு அவர்களுக்குப் போவதும் இல்லை.

இரண்டாவது, ஒருவர் பின் ஒருவர். முதல் பெயர் மனைவி, இரண்டாவது அம்மா என்றால், மனைவி இருக்கும்வரை அம்மாவுக்கு அந்தக் கணக்கில் வேலை இல்லை. மனைவி இல்லாமல் போனால்தான் அம்மாவின் முறை வரும். லாக்கருக்கும், வங்கியிடம் பாதுகாப்பாக ஒப்படைத்த பொருள்களுக்கும் இந்த முறை மட்டுமே உண்டு. நகைப் பெட்டியைச் சதவீதமாகப் பிரிக்க முடியாதல்லவா?

புதிதாகக் கல்யாணமானவர்கள் வீட்டில் சங்கடமான பேச்சு இங்கேதான் தொடங்கும். அம்மாவை எடுத்துவிட்டு மனைவியைப் போடுவதா என்று மகன் தயங்குவார். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஓர் ஆணின் தாயும் மனைவியும் பிள்ளைகளும் ஒரே முதல் வகுப்பு வாரிசுகள். தந்தை இரண்டாம் வகுப்பில் வருகிறார். நாமினி பட்டியலில் அம்மாவின் பெயர் இல்லாவிட்டாலும் அவருடைய வாரிசு உரிமை போய்விடாது. இதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சங்கடம் குறையும். மீதியை இரண்டு பெயர் போடும் புதிய வசதி பார்த்துக்கொள்ளும்.

கைக்குழந்தையை நாமினி ஆக்கும்போது

குழந்தையை நாமினியாகப் போட வயது தடையில்லை. 18 வயது நிறையாதவர் என்றால், அவர் சார்பில் பணத்தைப் பெற்றுக்கொள்ள ஒரு பெரியவரின் பெயரை அதே படிவத்தில் எழுத வேண்டும். குழந்தையின் பிறந்த தேதியும் வேண்டும்.

தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் பல குழந்தைகளுக்குப் பெயர் இல்லாமல்தான் முதலில் கைக்கு வருகிறது. பிறந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். சான்றிதழில் பெயர் ஏறிய பிறகு நாமினி படிவத்தை நிரப்புவதே நல்லது. வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரை எழுதிவிட்டு, பிறகு சான்றிதழில் வேறு பெயர் வந்தால் அந்தக் குழந்தையும் இந்தக் குழந்தையும் ஒன்றுதான் என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும்.

அடிக்கடி நடக்கும் தவறு இன்னொன்று. மனைவி முதல் நாமினி, குழந்தை இரண்டாவது நாமினி, குழந்தை சார்பில் பணம் பெறுபவரும் மனைவியே என்று எழுதிக் கொடுக்கிறார்கள். படிக்கும்போது இயல்பாகத்தான் தோன்றும். ஆனால் குழந்தையின் முறை வருவதே மனைவி உயிரோடு இல்லாதபோதுதான். அந்த நேரத்தில் அவரால் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்? கணவனும் மனைவியும் ஒரே வண்டியில் போகிற குடும்பங்களில் இது எட்டாத கற்பனை அல்ல. குழந்தை சார்பில் பணம் பெறுபவராக அண்ணன், மச்சான், சித்தி, பாட்டி என்று மூன்றாவது ஆள் ஒருவரை எழுத வேண்டும். அவரிடம் முன்கூட்டியே சொல்லியும் வைக்க வேண்டும்.

இனிஷியல் என்னும் முள்

திருமணத்துக்கு முன் பெண்ணின் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து. பிறகு சிலர் கணவரின் எழுத்துக்கு மாறுகிறார்கள், சிலர் மாறுவதில்லை. ஆதாரில் ஒன்று, பான் கார்டில் ஒன்று, வாக்காளர் அட்டையில் இன்னொன்று என்று இருப்பதும் சகஜம்.

நாமினி படிவத்தில் எதை எழுதுவது? ஒரு நாள் அவர் வங்கிக்குப் போய் நிற்க நேர்ந்தால் எந்த அடையாள அட்டையைக் காட்டுவாரோ, அதில் உள்ளபடியே எழுத வேண்டும். ஆதாரில் அப்பாவின் இனிஷியல்தான் இருக்கிறது, மாற்றும் எண்ணமும் இல்லை என்றால் அதையே எழுதலாம். கணவரின் இனிஷியலுக்கு மாற்றப்போகிறார் என்றால் ஆதாரை முதலில் மாற்றிவிட்டு, அந்த எழுத்தில் படிவத்தை நிரப்பலாம்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. மனைவியின் சொந்தக் கணக்கிலும் பழைய நாமினியாக அவருடைய அப்பாவே இருப்பார். அவரும் இதே கடிதத்தை எழுத வேண்டியவர்தான். புது இனிஷியலோடு புதுக் கையெழுத்தும் பழகிக்கொண்டவர், அதைக் கடிதத்தில் போட்டால் வங்கியின் பதிவில் உள்ள மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகாது. படிவம் திரும்பி வரும். கணக்கில் பழைய பெயர் இருக்கும்வரை பழைய கையெழுத்துதான். கணக்கில் பெயர் மாற்றம் வேண்டுமானால் அது வேறு விண்ணப்பம். அதற்குத் திருமணச் சான்றிதழோ அரசிதழ் அறிவிப்போ கேட்பார்கள். நாமினி மாற்றத்துக்குத் திருமணச் சான்றிதழ் தேவையில்லை, ஏனென்றால் நாமினி உறவினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. இரண்டு கோரிக்கையையும் ஒரே கடிதத்தில் எழுதினால், ஒன்றுக்கு ஆவணம் போதவில்லை என்று இன்னொன்றும் சேர்ந்து நின்றுவிடும்.

ஒரு குடும்பம், நான்கு கணக்குகள்

வழக்கமாகப் பார்க்கக்கூடிய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு 32 வயது, திருச்சியில் வேலை. சம்பளம் வரும் சேமிப்புக் கணக்கில் அப்பா நாமினி. மூன்று லட்ச ரூபாய் நிலைவைப்பில் அண்ணன். அம்மாவோடு கூட்டாக ஐந்து லட்ச ரூபாய் நிலைவைப்பு, அதிலும் அண்ணன். தன் பெயரில் ஒரு லாக்கர்; அதில் அப்பா. கல்யாணமாகி இரண்டு வருடம், மகள் பிறந்து நான்கு மாதம்.

அவர் எடுக்கக்கூடிய முடிவு இப்படி இருக்கலாம். சேமிப்புக் கணக்கில் மனைவி, அவருக்குப் பின் அம்மா. தனி நிலைவைப்பில் மனைவிக்கு 70, அம்மாவுக்கு 30. லாக்கரில் மனைவி, அவருக்குப் பின் அண்ணன்.

கூட்டு நிலைவைப்புதான் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. மகன் இல்லாமல் போனால் பணம் அம்மாவுக்கு. அம்மா இல்லாமல் போனால் மகனுக்கு. இருவருமே இல்லாதபோதுதான் நாமினிக்கு வேலை வரும். ஆகவே அதில் அம்மா பெயரையோ மகன் பெயரையோ நாமினியாக எழுத வழியில்லை. மனைவி, அவருக்குப் பின் மகள், மகள் சார்பில் பெறுபவராக அண்ணன் என்று எழுதலாம். அம்மா கைநாட்டு வைப்பவர் என்றால் அந்த ஒரு படிவத்துக்கு மட்டும் இரண்டு சாட்சிகள் வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர்களுக்குச் சாட்சி தேவையில்லை என்பது ரிசர்வ் வங்கியின் தெளிவான அறிவுறுத்தல்.

அவருடைய கடிதம்:

அனுப்புநர்
(பாஸ்புக்கில் உள்ளபடி பெயர், முகவரி, கைபேசி எண்)

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
(வங்கியின் பெயர், கிளை)

நாள்: 12.01.2026

பொருள்: வைப்புக் கணக்குகள், லாக்கர் ஆகியவற்றின் நாமினியை மாற்றக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் கிளையில் என் பெயரிலும், என் தாயார் திருமதி ………… அவர்களுடன் கூட்டாகவும் கீழ்க்காணும் கணக்குகள் உள்ளன. எனக்குத் திருமணமாகிக் குழந்தை பிறந்துள்ளதால் இவற்றில் ஏற்கெனவே பதிவான நாமினிகளை மாற்ற விரும்புகிறேன். ஒவ்வொரு கணக்குக்கும் உரிய படிவத்தை நிரப்பி இத்துடன் இணைத்துள்ளேன்.

1. சேமிப்புக் கணக்கு எண் …………: ஒருவர் பின் ஒருவராக, முதலில் என் மனைவி திருமதி …………, இரண்டாவதாக என் தாயார்.
2. நிலைவைப்பு எண் …………: ஒரே நேரத்தில், என் மனைவிக்கு 70 சதவீதம், என் தாயாருக்கு 30 சதவீதம்.
3. கூட்டு நிலைவைப்பு எண் …………: ஒருவர் பின் ஒருவராக, முதலில் என் மனைவி, இரண்டாவதாக என் மகள் செல்வி ………… (பிறந்த தேதி …………). மகள் மைனர் என்பதால் அவர் சார்பில் தொகையைப் பெறுபவர் என் அண்ணன் திரு …………. இப்படிவத்தில் என் தாயாரின் இடது பெருவிரல் ரேகை இரு சாட்சிகள் முன் பெறப்பட்டுள்ளது.
4. லாக்கர் எண் …………: ஒருவர் பின் ஒருவராக, முதலில் என் மனைவி, இரண்டாவதாக என் அண்ணன்.

மேற்கண்ட மாற்றங்களைப் பதிவு செய்து, ஒவ்வொரு கணக்குக்கும் எழுத்து மூலமான ஒப்புகை தருமாறும், பாஸ்புக்கிலும் நிலைவைப்பு ரசீதுகளிலும் நாமினேஷன் பதிவான விவரத்தைக் குறித்துத் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(வங்கிப் பதிவில் உள்ளபடி கையெழுத்து)

கூட்டு நிலைவைப்புக்காக:
(தாயாரின் கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை)

இணைப்பு: நாமினேஷன் படிவங்கள் 4; மகளின் பிறப்புச் சான்றிதழ் நகல் 1

கடிதத்தில் காரணம் அரை வரியில் முடிந்துவிடுகிறது. பழைய நாமினியை ஏன் எடுக்கிறார் என்ற விளக்கம் இல்லை. யாருக்கும் அதைச் சொல்ல வேண்டியதில்லை. பழைய நாமினியின் சம்மதமோ கையெழுத்தோ தேவையில்லை. மனைவியின் ஆதார் எண் முழுதாகக் கடிதத்தில் எழுதப்படவில்லை என்பதும் கவனிக்க வேண்டியது. பல மேசைகள் கடந்து போகிற தாளில் அது இருக்க வேண்டிய அவசியமில்லை. படிவம் எதைக் கேட்கிறதோ அதைப் படிவத்தில் மட்டும் கொடுத்தால் போதும்.

கிளைக்குப் போகும் நாளில்

1. கடிதத்தை இரண்டு பிரதி எடுக்கவும். நிரப்பிய படிவங்களையும் கையெழுத்திட்ட பிறகு நகல் எடுத்துக்கொள்ளவும்.
2. பாஸ்புக், நிலைவைப்பு ரசீதுகளின் அசல், சொந்த அடையாள அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்லவும். கூட்டுக் கணக்குதாரர் நேரில் வருவது நல்லது. கைநாட்டு என்றால் கிளையிலேயே ஊழியர் முன் வைப்பது இன்னும் நல்லது.
3. படிவத்தில் வெற்றிடம் எதையும் விட வேண்டாம். நான்கு நாமினிக்கு இடம் இருந்து இரண்டு பேரை மட்டும் எழுதினால், மீதி வரிகளைக் குறுக்குக் கோடு போட்டு அடிக்கவும். பெயர் பகுதியைக் காலியாக விட்டுக் கையெழுத்திட்ட படிவத்தை முகவரிடமோ தெரிந்த ஊழியரிடமோ “நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்” என்று கொடுக்கவே கூடாது.
4. இரண்டாம் பிரதியில் வங்கியின் முத்திரை, தேதி, பெற்றவரின் கையெழுத்து மூன்றையும் வாங்கவும்.
5. அந்த முத்திரை, தாளைப் பெற்றுக்கொண்டதற்கு மட்டுமே அத்தாட்சி. நாமினி பதிவானதற்கு வேறு ஒப்புகை வரும். சரியாக நிரப்பிய படிவம் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் வங்கி அந்த ஒப்புகையைத் தர வேண்டும். ஏற்க முடியாது என்றால் அதையும் காரணத்தோடு எழுத்தில் சொல்ல வேண்டும்.
6. ஒப்புகை வந்ததும் பாஸ்புக்கை அச்சிட்டுப் பார்க்கவும். ‘நாமினேஷன் ரிஜிஸ்டர்டு’ என்ற குறிப்பு மட்டும் போதாது, ஏனென்றால் பழைய நாமினிக்கும் அதே குறிப்புதான் இருந்தது. கணக்குவாரியாகப் பெயரைச் சரிபார்க்க வேண்டும்.

ஆறாவது படியைத்தான் பலரும் தாண்டிவிடுகிறார்கள். மேலே சொன்ன நான்கு கணக்கில் மூன்று மாறி, கூட்டு நிலைவைப்பு மட்டும் பழையபடி அண்ணன் பெயரிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். காரணம், அதில்தான் அம்மாவின் ரேகையும் சாட்சிகளும் தேவைப்பட்டன. சாட்சிகள் கையெழுத்திட்டு முகவரி எழுதாமல் விட்டிருந்தால் அந்தப் படிவத்தை மட்டும் ஓரமாக எடுத்து வைத்திருப்பார்கள். கேட்காதவரை அது அங்கேயே கிடக்கும்.

நெட் பேங்கிங்கிலும் கைபேசிச் செயலியிலும் நாமினியை மாற்றும் வசதி பல வங்கிகளில் உண்டு. தனிக் கணக்குக்கு அது சுலபம். கூட்டுக் கணக்கு, லாக்கர், கைநாட்டு என்று வந்தால் கிளைக்குப் போவதே நேர்வழி. செயலியில் மாற்றினால் முடிந்ததும் வரும் திரையைச் சேமித்து வைக்கவும். “நாமினியை அப்டேட் செய்யாவிட்டால் கணக்கு முடங்கும், இந்த இணைப்பை அழுத்துங்கள்” என்று குறுஞ்செய்தி வந்தால் அதைத் தொட வேண்டாம். நாமினியை மாற்றாததற்காகக் கணக்கு முடங்காது. மாற்றுவதற்கு யாரிடமும் தொலைபேசியில் ஓ.டி.பி. சொல்ல வேண்டிய தேவையும் வராது.

வங்கி அசையவில்லை என்றால்

“நாமினியை நேரில் கூட்டி வாருங்கள்”, “பழைய நாமினியிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி வாருங்கள்” என்று கவுன்ட்டரில் சொன்னால் வாக்குவாதம் வேண்டாம். அதை எழுத்தில் தரும்படி கேட்டால் போதும். பெரும்பாலும் அந்த இடத்திலேயே படிவம் ஏற்கப்பட்டுவிடும். மூன்று வேலை நாட்கள் கடந்தும் ஒப்புகை வராவிட்டால், முத்திரையிட்ட நகலின் தேதியைக் குறிப்பிட்டுக் கிளை மேலாளருக்கு ஒரு நினைவூட்டல் எழுதவும். அதன் நகலை வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும் அனுப்பவும்.

அங்கு புகார் கொடுத்து 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். cms.rbi.org.in என்ற தளத்தில் கட்டணமின்றிப் புகார் பதிவு செய்யலாம். வங்கிக்குக் கொடுத்த புகாரின் நகலும் முத்திரையிட்ட கடிதமும் அங்கே கேட்கப்படும். வங்கியிடம் முதலில் புகார் கொடுக்காமல் நேராக அங்கே போனால் ஏற்க மாட்டார்கள்.

அடுத்து எப்போது இதே கடிதம்?

இரண்டாவது குழந்தை பிறக்கும்போது, நாமினிகளில் ஒருவர் இறக்கும்போது, மணமுறிவு ஏற்படும்போது, மைனராகப் பதிவான பிள்ளைக்கு 18 வயது நிறையும்போது. புதிய நிலைவைப்பு போடும்போது கடிதம் வேண்டாம், விண்ணப்பத்திலேயே நாமினி பகுதி இருக்கும். அதில் சேமிப்புக் கணக்கின் நாமினியையே எடுத்துக்கொள்ளவா என்று ஊழியர் கேட்டால், அந்தப் பெயர் யாருடையது என்று ஒருமுறை திரையில் பார்த்துவிட்டு ஆம் என்று சொல்லவும். கூட்டுக் கணக்கில் ஒருவர் இறந்துவிட்டால், மீதியிருப்பவர் தன் விருப்பப்படி நாமினியை மாற்றலாம். மேலே சொன்ன குடும்பத்தில் அம்மாவின் காலத்துக்குப் பிறகு மகன் செய்ய வேண்டிய வேலை அது. சேமிப்புக் கணக்கிலும் தனி நிலைவைப்பிலும் அம்மாவின் பெயர் இருப்பதால், அன்று அவர் மூன்று படிவம் நிரப்ப வேண்டியிருக்கும்.